மாஸ்க் போட்டுத் தூங்கினால் காலையில் வயிறு உப்பிக்கொள்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். எனக்கு 54 வயது, மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஸ்லீப் ஸ்டடி எடுத்ததில் ஒரு மணி நேரத்துக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 5 வாரமாக, மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று கொடுக்கிற சிபாப் மெஷின் வைத்துத்தான் தூங்குகிறேன். மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க். மூன்றாம் நாளே குறட்டை போய்விட்டது. மத்தியானம் ஆபீசில் கண் சொருகுவதும் நின்றுவிட்டது. அதனால் மெஷினை விட எனக்கு மனசில்லை.

பிரச்சினை வயிற்றில். விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்தால் விலாவுக்குக் கீழே தோல் இறுகிப்போயிருக்கிறது. விரலால் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டுகிற சத்தம். பேண்ட் கொக்கி மாட்ட முடியவில்லை. ஏப்பமும் கீழ்க்காற்றுமாகப் போய்ப் பத்து மணிக்கு மேல்தான் சரியாகிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த என் மனைவி, என் தொண்டையில் 'களக் களக்' என்று சத்தம் வருவதாகச் சொல்கிறார். மெஷின் கொடுத்த கடையில் கேட்டால் பழகிவிடும் என்கிறார்கள். 5 வாரமாகப் பழகவில்லை. இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

வாழையிலை (திருப்பாதிரிப்புலியூர்)

அண்ணே, இது சாதாரண கேஸ் டிரபிள். மெஷின்மேல் பழி போடாதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? பத்து மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் யாருக்கும் உப்பத்தான் செய்யும். எட்டு மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ முடித்துவிடுங்கள். ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடியுங்கள். உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலையை ராத்திரியில் விடுங்கள். ஒரு வாரத்தில் போய்விடும்.

கெடிலக்கரை

தம்பி, லேட்டாகச் சாப்பிடுவது உண்மைதான், ஒன்பதரை மணி ஆகிவிடும். ஆனால் இருபது வருஷமாக அப்படித்தான் சாப்பிடுகிறேன், வயிறு இப்படி ஆனதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். போன வாரம் மழையில் ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. அன்றைக்கும் அதே சாப்பாடு, மெஷின் மட்டும் ஓடவில்லை. தூக்கம் கெட்டது, பழையபடி குறட்டை. ஆனால் காலையில் வயிறு தட்டையாக இருந்தது.

ரெயின்போநகர் (புதுச்சேரி)

சார், அந்தக் கரண்ட் போன ராத்திரி உங்களுக்கு நல்ல சோதனையாக அமைந்துவிட்டது. அதே சாப்பாட்டில் மெஷின் இல்லாத காலை வயிறு தட்டை என்றால், அது குடலில் உண்டான வாயு இல்லை. மாஸ்க் வழியாக வந்த காற்றை நீங்கள் விழுங்குகிறீர்கள். பதினெட்டு வருஷம் ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்தப் புகாரோடு வருகிறவர்கள் நிறைய. பாதிப் பேர் டாக்டரிடம் சொல்லாமலேயே மெஷினைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

நடப்பது இதுதான். உணவுக்குழாயின் வாயில் ஒரு வளையத் தசை இருக்கிறது. சாதாரணமாக மூடியே இருக்கும், எச்சில் விழுங்கும்போது மட்டும் ஒரு கணம் திறக்கும். மாஸ்க் போட்டிருக்கும்போது தொண்டையில் எந்நேரமும் அழுத்தக் காற்று நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் எச்சிலோடு ஒரு மிடறு காற்றும் உள்ளே போகும். உங்கள் மனைவி கேட்ட 'களக்' அதுதான். அழுத்தம் மிகவும் ஏறினால் விழுங்காமலேகூட அந்த வளையம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் கீழ்ப்பக்க வளையமும் தளர்ந்திருக்கும், அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

வாழையிலை சொன்னதில் பாதி சரி. நிறைந்த வயிற்றோடு படுத்தால் கீழ் வளையம் தளரும், அதனால் சாப்பாட்டை முன்னால் தள்ளுவது நல்லதுதான். ஓமத் தண்ணீர் ஏப்பத்துக்கு உதவலாம். ஆனால் ராத்திரி முழுக்க உள்ளே போகிற காற்றை அது நிறுத்தாது.

நாலு விஷயம் சொல்லுங்கள். மெஷின் ஆட்டோவா, நிலையான அழுத்தமா? ஆட்டோ என்றால் கீழ் வரம்பு, மேல் வரம்பு என்ன? மல்லாந்து படுக்கிறீர்களா? காலையில் வாய் காய்ந்து கிடக்கிறதா?

நெல்லித்தோப்பு_79 (புதுச்சேரி)

எனக்கும் இதே காற்றுப் பிரச்சினைதான். கண்ணுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று அடிக்கும், கண் சிவந்துவிடும். வாரை இறுக்கிக் கட்டினேன், நின்றுவிட்டது. நீங்களும் ஒரு துளை இறுக்கிப் பாருங்கள். மூக்குத் தண்டில் புண் வந்தால் கொஞ்சம் பஞ்சு வையுங்கள்.

ரெயின்போநகர்

நெல்லித்தோப்பு சார், உங்களுக்குக் காற்று வெளியே போகிறது, அவருக்கு உள்ளே போகிறது. அவர் வாரை இறுக்கினால் வயிறு குறையாது, மூக்கில் புண்தான் மிஞ்சும். உங்கள் புண்ணுக்கும் பஞ்சு வேண்டாம். பஞ்சு வைத்த இடத்தில் இடைவெளி விழுந்து மறுபடி கசியும், மறுபடி இறுக்குவீர்கள். மெஷினை ஓடவிட்டுப் படுத்த நிலையில் மாஸ்கை முகத்திலிருந்து ஒரு விரல் தூக்கி, திரும்ப உட்காரவிடுங்கள். ஓரத்து ரப்பர் காற்றில் விரிந்து தானாகப் பொருந்தும். அதற்கு அப்புறம் வாரைச் சரிசெய்யுங்கள்.

கெடிலக்கரை

பதில்கள்: ஆட்டோ மெஷின். கடையில் வைத்துக் கொடுத்தபடி 4 முதல் 20 வரை. மல்லாந்துதான் படுப்பேன், பக்கவாட்டில் படுத்தால் மாஸ்க் நகருமோ என்று பயம். காலையில் நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருக்கிறது.

பையன் மெஷினிலிருந்த கார்டை எடுத்து, OSCAR என்ற இலவச மென்பொருளில் போட்டுக் காட்டினான். நேற்று ராத்திரி AHI, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மூச்சு தடைபட்ட எண்ணிக்கை, 3.4. அழுத்தத்தில் 95% என்ற இடத்தில் 15.2. கசிவு 95% இடத்தில் 31. இதில் எது கெட்டது என்று எனக்குப் புரியவில்லை.

கிழக்குக்கடற்கரை (கடலூர் ஓடி)

சார், நான் கால் டாக்சி ஓட்டுகிறேன். எனக்கும் வயிறு இப்படித்தான் ஆனது. யூட்யூபில் பார்த்து மெஷினுக்குள் போய் மேல் வரம்பை 8-க்கு இறக்கிவிட்டேன். மறுநாளே வயிறு சரி. ரொம்ப சந்தோஷப்பட்டேன். பத்து நாள் கழித்து மரக்காணம் தாண்டி விடியற்காலை சவாரியில் கண் மூடிவிட்டது, வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. பின்சீட்டில் ஒரு குடும்பம். யாருக்கும் அடி இல்லை. அப்புறம்தான் AHI-யைப் பார்த்தேன், 22. வயிறு சரியானது, ஏனென்றால் மெஷின் வேலையே செய்யவில்லை. தயவுசெய்து நீங்களாக இறக்காதீர்கள்.

ரெயின்போநகர்

தம்பி சொன்னதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அழுத்தத்தைக் குறைத்தால் வயிறு சரியாகும் என்பது உண்மை. ஆனால் உங்கள் தொண்டை திறந்திருக்க 15 தேவைப்படும்போது 8 கொடுத்தால் மூச்சு மறுபடி நிற்கும். முதலில் தேவையைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் மேல் வரம்பை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

இப்போது உங்கள் கணக்கு. AHI 3.4 நல்லது, 5-க்குக் கீழே இருந்தால் போதும். அழுத்தம் 95% என்றால், ராத்திரியில் நூற்றில் 95 பங்கு நேரம் மெஷின் 15.2-ஐத் தாண்டவில்லை என்று அர்த்தம். வயிற்றுக்கு அது அதிகம். கசிவு 31 என்பதும் அதிகம், சில மெஷின்களில் 24-ஐத் தாண்டினாலே எச்சரிப்பார்கள். வாய் காய்வதால் அது மாஸ்க் ஓரத்தில் போவதில்லை, வாய் திறந்து போகிறது.

பையனை இன்னொன்று பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தக் கோட்டையும் கசிவுக் கோட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, எது முதலில் ஏறுகிறது, எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்க்கட்டும்.

கெடிலக்கரை

பார்த்தோம். ஒரு மணி வரை அழுத்தம் 8, 9-லேயே இருக்கிறது, கசிவு கிட்டத்தட்ட இல்லை. 2.50-க்கு அழுத்தம் ஏற ஆரம்பித்து 3.10-க்கு 16. கசிவு அதற்கு அப்புறம் 3.15-க்குத்தான் குத்திட்டு ஏறுகிறது. நாலரை மணிக்கு எழுந்துவிட்டேன். மூன்று ராத்திரியும் ஏறக்குறைய இதே படம்தான்.

ரெயின்போநகர்

சரி, விஷயம் தெளிவாகிவிட்டது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் அதிகமாகும். அப்போது தொண்டைத் தசை ரொம்பத் தளர்ந்திருக்கும். மல்லாந்து வேறு கிடக்கிறீர்கள், நாக்கு பின்னால் விழும். மூச்சு அடைபடுவதைப் பார்த்து மெஷின் ஏறிக்கொண்டே போகிறது, 20 வரை போக அதற்கு அனுமதி இருக்கிறது. 16 வந்ததும் வாய் திறந்துகொள்கிறது. வாய் காய்வதால் அடிக்கடி விழுங்குகிறீர்கள், ஒவ்வொரு விழுங்கலிலும் காற்று. உங்கள் விஷயத்தில் கசிவு விளைவு, காரணம் இல்லை. கசிவு முதலில் ஏறி அழுத்தம் அப்புறம் ஏறியிருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

ஆக, முதலில் மல்லாந்து படுப்பதை நிறுத்துங்கள். இடதுபக்கம் சாய்ந்தால் நெஞ்செரிச்சலுக்கும் நல்லது. தூக்கத்தில் திரும்பிவிடுவீர்கள், அதனால் முதுகில் ஏதாவது தடை வேண்டும். குழாயைத் தலைக்கு மேலே கட்டில் கம்பியில் தொங்கவிட்டால் மாஸ்கை இழுக்காது.

இரண்டாவது, கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்காதீர்கள். அடுக்கினால் தாடை நெஞ்சில் குத்திக் கழுத்து மடங்கும், மூச்சுப் பாதை இன்னும் குறுகும், வயிறும் மடிந்து அமுங்கும்.

மூன்றாவது, மூச்சை விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கிற வசதி. சில மெஷினில் EPR என்றும் சிலதில் Flex என்றும் இருக்கும். உங்களுடையதில் அணைந்திருக்கிறதா பாருங்கள். EPR-ஐ 2-ல் வைத்தால் வெளிமூச்சில் 2 குறையும். அதனால் சிலருக்கு அடைப்பு கொஞ்சம் கூடும், AHI-யைப் பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும்.

பத்து நாள் இதைச் செய்துவிட்டு அந்தப் படத்தோடு டாக்டரைப் பாருங்கள். வரம்பை மாற்றுவது அவர் வேலை.

வில்லியனூர்_மகள் (புதுச்சேரி)

ஐயா, எங்கள் அம்மாவுக்கும் காலையில் உப்புசம். ஏப்பம் வந்தால் நல்லது என்று அவரே வலிய வலிய ஏப்பம் விடுகிறார், விடவிட அதிகமாகிறது. அம்மாவுடையது முகம் முழுக்க மூடுகிற மாஸ்க். மெஷின் போட்டதும் முதல் அரைமணி நேரம் மூச்சு முட்டுவதாகச் சொல்லி வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடிக்கிறார். அழுத்தம் அதிகமாக இருக்கிறதோ?

ரெயின்போநகர்

அம்மா, வலிய விடுகிற ஏப்பத்தில் பாதி, அதற்கு முன்னால் அவரே விழுங்குகிற காற்று. அதை நிறுத்தச் சொல்லுங்கள். எழுந்து நேராக உட்கார்ந்து கொஞ்சம் நடந்தாலே தானாக வரும். ராத்திரியில் உப்பினால் மெஷினை அணைத்து, உட்கார்ந்து, காற்று போன பிறகு திரும்பப் போடலாம். முழித்துக் கிடக்கும்போது மாஸ்க் ஓட வேண்டாம், தூக்கம் வரும்போது போடட்டும்.

மூச்சு முட்டுவதற்கு எதிர்ப்பக்கம் யோசியுங்கள். ஆரம்ப அழுத்தம் 4-ஆக இருந்தால் பலருக்குக் காற்று போதாமல் முட்டும், அப்போது வாயால் கவ்விக் கவ்வி விழுங்குவார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதாலும் வயிறு உப்பும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஆரம்பத்தை 6, 7-க்கு உயர்த்தினால் அடங்குவதுண்டு. அம்மாவுடைய எண்களை டாக்டரிடம் கேட்டு வாருங்கள்.

கெடிலக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அம்மா சொன்ன முட்டல் எனக்கும் இருந்தது, அப்போது எழுதத் தோன்றவில்லை.

முதலில் பனியனுக்குப் பின்னால் பை தைத்து ரப்பர் பந்து வைத்தோம், இரண்டாம் ராத்திரியே பந்து விலாப்பக்கம் நகர்ந்துவிட்டது. அப்புறம் பையனின் பழைய பள்ளிக்கூடப் பை. உள்ளே சுருட்டிய டர்க்கி டவல் இரண்டு. ஜிப் மூடி, இரண்டு தோளிலும் மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே துண்டால் ஒரு கட்டு. மல்லாந்தால் பை முதுகில் குத்தும், தூக்கம் கலையாமலேயே திரும்பிவிடுகிறேன். தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல். சாப்பாடு எட்டு மணி. EPR அணைந்துதான் இருந்தது, இப்போது 2.

பத்தாம் நாள் பார்த்தால் 95% அழுத்தம் 11.4, கசிவு 9, AHI 3.9. படத்தோடு டாக்டரிடம் போனேன். கீழ் வரம்பை 7, மேல் வரம்பை 13 என்று மாற்றினார். பக்கவாட்டில் படுக்கும்போது 13-க்கு மேல் எனக்குத் தேவையே வராததால் இறக்குவதில் நஷ்டம் இல்லை என்றார். மாற்றிப் பதினோரு நாள் ஆகிறது. AHI 4.2. ஒன்பது நாள் வயிறு சாதாரணமாக இருந்தது. இரண்டு நாள் மட்டும் உப்பியது. ஒரு நாள் பை மாட்ட மறந்தேன். இன்னொரு நாள் சளிப்பிடித்து மூக்கு அடைத்திருந்தது.

நெல்லித்தோப்பு_79

கசிவுக்கு தாடைப் பட்டை கட்டியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லையே? அல்லது முழு மாஸ்க். நான் விரல் தூக்குகிற வித்தையைச் செய்தேன், வாரைத் தளர்த்திவிட்டேன், நன்றி.

ரெயின்போநகர்

அவருக்குப் பட்டை கட்டியிருந்தால் 16 அழுத்தம் அப்படியே இருந்திருக்கும், வாய் வழி போக முடியாத காற்று வயிற்றுப் பக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அழுத்தம் குறைவாக இருந்தும் வாய் திறக்கிறவர்களுக்குப் பட்டை உதவி நான் பார்த்திருக்கிறேன். முழு மாஸ்க் விஷயத்தில் எங்கள் லேபிலேயே இரண்டு கட்சி உண்டு. மூக்கு மாஸ்கில் உப்புசம் குறைவு என்பது என் அனுபவம். மூக்கு நிரந்தரமாக அடைத்தவருக்கு அந்தப் பேச்சு செல்லாது.

கெடிலக்கரை சார், சளி நாட்களில் படுக்கும் முன் உப்புநீர் மூக்குச் சொட்டு விடுங்கள். கழுவுவதாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. வயிறு கல்லாக இறுகி வலி விடாமல் இருந்தால், வாந்தி வந்தால், காற்றும் மலமும் போகாமல் நின்றால் அது மாஸ்க் விஷயம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அண்மையில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெஷின் போட வேண்டாம். மூச்சடைப்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு பிபியும் இருக்கும். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையில் வலி வந்தால் கேஸ் என்று சோடா குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாழையிலை

சார், நான் கேஸ் என்று அடித்துச் சொன்னதற்கு மன்னிக்கவும். எங்கள் பெரியப்பா இதே மெஷினை இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார், வயிறுதான் காரணம் என்பார். இந்த இழையை அவருக்கு இன்று படித்துக் காட்டினேன். கார்டு இன்னும் மெஷினிலேயே இருக்கிறதாம்.

வில்லியனூர்_மகள்

ஐயா, அம்மாவுக்கு ஆரம்பம் 4-தான். புதன்கிழமை டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் செங்கல் வைத்துப் பார்த்தோம், டைல்ஸ் தரையில் நழுவுகிறது. அம்மா எழும்போது கட்டில் ஆடிப் பயந்துவிட்டார். என்ன செய்யலாம்?

கெடிலக்கரை

அம்மா, எங்கள் வீட்டிலும் நழுவியது. செங்கலை எடுத்துவிட்டு, ஆசாரியிடம் சொல்லி ஒரு மரக்கட்டையில் கட்டில் கால் அளவுக்குக் குழி வெட்டி வாங்கினேன். கால் அந்தக் குழிக்குள் இறங்கி நிற்கும், இரண்டு விரற்கடை ஆழம் இருக்கட்டும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்துவிட்டால் டைல்ஸில் நகராது. கால்மாட்டில் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், கட்டில் கீழ்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகாது. செய்யும் வரைக்கும் செங்கலை எடுத்துவிடுங்கள், இடதுபக்கம் சாய்ந்து படுப்பதை மட்டும் செய்யட்டும்.